பாஸ்புக்கில் இரண்டரை லட்சம், செலவுக்கு 50,000

ஊர்க்கோயில் கமிட்டிகளின் மினிட் நோட்டுகளைப் புரட்டினால் ஒரு வாக்கியம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். "வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது, ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது." கீழே ஏழெட்டுக் கையெழுத்து. எந்த மாதத்துக் கணக்கு, வரவு எவ்வளவு, மீதி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இராது. கூட்டம் நடந்த அன்று எல்லோருக்கும் எல்லாம் தெரியும், அதனால் எழுதவில்லை. எட்டு வருடம் கழித்து ஊருக்குள் பிணக்கு வந்து யாராவது அறநிலையத் துறைக்கு மனுப் போட்டாலோ, வழக்கு என்று போனாலோ, அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். அப்போது அந்த ஒற்றை வாக்கியம் யாரையும் காப்பாற்றாது. நேர்மையாக நடந்துகொண்டவர்களே அதிகம் சிக்கிக்கொள்வார்கள், ஏனென்றால் கையெழுத்து அவர்களுடையது.

ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு மாதிரிக் கோயிலை வைத்தே பார்த்துவிடலாம். காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் கோயில் என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரர்கள் சேர்ந்து அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கிறார்கள். அறங்காவலர்கள் ஏழு பேர். நான்கு பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும், ஏழு நாளுக்கு முன்னே எழுத்தில் தகவல் தர வேண்டும் என்று பத்திரம் சொல்கிறது. ஆடித் திருவிழா முடிந்து, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூடுகிறார்கள். கோயிலும் தொகைகளும் நான் விளக்கத்துக்காக அமைத்தவை. சிக்கல்கள் மட்டும் பல ஊர்களில் உண்மையாகவே நடப்பவை.

குறிப்பின் முதல் பக்கத்தில் நாள், நேரம், இடம், தகவல் அனுப்பிய தேதி, வந்தவர்கள், வராதவர்கள், தலைமை வகித்தவர் ஆகிய விவரங்கள் வர வேண்டும். இது பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று பேர் மட்டும் வந்திருப்பார்கள். பேசி முடித்துவிட்டு, மறுநாள் நோட்டை மற்றவர்கள் வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் கையெழுத்துப் போட்டவரை "அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், யார் என்ன பேசினார்கள்?" என்று பிறகு ஒருவர் கேட்டால், அந்தக் கூட்டத்தின் எல்லாத் தீர்மானமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆள் போதாவிட்டால் "குறைவெண் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதி, வந்த மூவரும் கையெழுத்துப் போட்டு எழுந்துவிடுவதே சரி. நோட்டும் தைத்துக் கட்டிய நோட்டாக, பக்க எண் போட்டதாக இருக்க வேண்டும். வரிகளுக்கு நடுவே பிறகு எதையும் நுழைக்க இடம் விடக்கூடாது. அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் தலைவர் சுருக்கொப்பம் இட வேண்டும்.

நம் மாரியம்மன் கோயிலுக்கு அன்றைக்கு ஐந்து பேர் வந்துவிட்டார்கள். கணக்குக்கு வருவோம்.

பொருளாளர் வாசிக்கிறார். ஆடி மாதத் தொடக்கத்தில் கையிருப்பு 6,200, வங்கியில் 1,84,300, ஆக 1,90,500 ரூபாய். ரசீது போட்டு வாங்கிய நன்கொடை 2,36,000. உண்டியல் 58,450. கோயில் கடை வாடகை 12,000. வரவு மொத்தம் 3,06,450. செலவு 2,71,950. மீதி 2,25,000 ரூபாய் என்கிறார். கேட்பவர் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தால் அதில் 2,46,500 இருக்கிறது. பொருளாளர் கையில் ரொக்கம் 3,500. இரண்டையும் கூட்டினால் 2,50,000. கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட 25,000 அதிகம்.

பணம் கூடுதலாக இருக்கிறதே, நல்லதுதானே என்று பலர் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும் காரணம் தெரிந்தாக வேண்டும். இங்கே காரணம் எளிது. பந்தல்காரருக்குக் கொடுத்த 25,000 ரூபாய்க் காசோலையை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. கணக்கில் செலவு எழுதியாகிவிட்டது, வங்கியில் இன்னும் கழியவில்லை. குறிப்பில் இதை இப்படி எழுதலாம்: "பாஸ்புக் இருப்பு 2,46,500, ரொக்கம் 3,500, கூட்டத்தில் எண்ணிப் பார்க்கப்பட்டது, பந்தலுக்கு வழங்கிய காசோலை 25,000 இன்னும் பணமாக்கப்படவில்லை, அதைக் கழித்து நிகர இருப்பு 2,25,000 எனச் சரிபார்க்கப்பட்டது." நான்கே வரிதான். ஆனால் காசோலை எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டால், அடுத்த கூட்டத்தில் பாஸ்புக்கைத் திறந்ததும் அது கழிந்துவிட்டதா என்று பார்த்துவிடலாம். மூன்று கூட்டம் தாண்டியும் அந்தக் காசோலை பணமாகவில்லை என்றால் அது உண்மையிலேயே பந்தல்காரர் கைக்குப் போனதா என்று கேட்க வேண்டும். காசோலை மூன்று மாதம்தான் செல்லும்.

ரசீது நன்கொடை 2,36,000 என்றார்கள். அது சரியா என்று எப்படித் தெரியும்? தொகையைக் கூட்டிப் பார்ப்பது இரண்டாவது வேலை. முதலில் பார்க்க வேண்டியது ரசீது எண். திருவிழாவுக்கு 301 முதல் 418 வரை ரசீது போடப்பட்டிருக்கிறது, அதாவது 118 ரசீது. அதில் 334, 371, 402 ஆகிய மூன்றும் ரத்து. ரத்தானவற்றின் அசலும் நகலும் நோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அசலைக் காணோம், நகலில் மட்டும் "ரத்து" என்று எழுதியிருந்தால், அந்த அசல் யாருடைய வீட்டில், எந்தத் தொகையோடு இருக்கிறது என்பதை விசாரித்தே ஆக வேண்டும். மீதி 115 ரசீதும் கூட்டினால் 2,36,000 வருகிறது. இவ்வளவும் குறிப்பில் வர வேண்டும்: முதல் எண், கடைசி எண், ரத்தானவை, செல்லும் ரசீதுகளின் மொத்தம்.

கோயில் பணம் காணாமல் போவதில் உண்டியலைவிட ரசீது நோட்டுக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி, நாலு பேர் முன்னே எண்ணுதல் என்று பழக்கம் இருக்கிறது. ரசீது நோட்டை மட்டும் "நீ திருப்பூர்ப் பக்கம் வசூல் பண்ணிட்டு வாப்பா" என்று ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். யாரிடம் எந்த நோட்டு போனது என்று எழுதி வைப்பதில்லை. திருவிழா முடிந்து நான்கு நோட்டு திரும்பி வரும், ஐந்தாவது வராது. அது இருந்ததே பலருக்கு நினைவிராது. அச்சகத்திலிருந்து எத்தனை நோட்டு வந்தது, யார் யாருக்கு எந்த எண் வரிசை கொடுக்கப்பட்டது, எந்தத் தேதியில் திரும்பியது என்று ஒரு பக்கம் எழுதி வைத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் "வெளியே உள்ள ரசீது நோட்டுகள்: இல்லை" என்றோ, "எண் 501 முதல் 600 வரை இன்னாரிடம்" என்றோ பதிய வேண்டும்.

இதுவரை கணக்கு நேர். மீதி 2,25,000 ரூபாய் என்பதில் ஐயமில்லை. அன்றைய கூட்டத்தின் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. மதில் சுவர் காரை பெயர்ந்திருக்கிறது. பூசி வண்ணம் அடிக்க 80,000 ரூபாய் ஆகும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். தலைவர் உடனே, "பாஸ்புக்ல ரெண்டரை லட்சம் கிடக்குல்ல, அப்புறம் என்ன தயக்கம்? அடிச்சிரலாம்" என்கிறார். பொருளாளர் தயங்குகிறார். "இல்லைண்ணே, அதுல விளக்குக்குக் குடுத்த லட்சம் கிடக்கு. கவசத்துக்கு வாங்குன காசும் இருக்கு."

பொருளாளர் சொல்வதை விரித்துப் பார்ப்போம். ஊர்க்காரர் ஒருவர் தன் தாயார் நினைவாக 1,00,000 ரூபாய் கொடுத்து, இதை வங்கியில் போட்டு, வரும் வட்டியில் தினமும் மாலையில் அம்மனுக்கு விளக்கேற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து வெள்ளிக் கவசத்துக்கென்று கொடுத்ததில் 75,000 சேர்ந்திருக்கிறது. கவசம் இன்னும் செய்யவில்லை. இந்த இரண்டும் அதே சேமிப்புக் கணக்கில்தான் கிடக்கின்றன. 2,25,000-இல் இந்த 1,75,000-ஐக் கழித்தால், கமிட்டி தன் விருப்பப்படி செலவிடக்கூடியது 50,000 மட்டுமே. மதிலுக்கு 80,000 எடுத்தால் 30,000 ரூபாய் விளக்கிலிருந்தோ கவசத்திலிருந்தோ போகிறது என்று பொருள். யாரும் ஒரு ரூபாய்கூடத் திருடவில்லை, கோயில் சுவருக்குத்தான் செலவாகிறது. ஆனாலும் கொடுத்தவர் சொன்ன காரியத்தை மீறியதாகிவிடும். சட்டம் இதை நம்பிக்கை மீறலாகவே பார்க்கும்.

ஆகவே கணக்குக் குறிப்பில் நிகர இருப்பை எழுதியதும் அதைப் பிரித்தும் எழுத வேண்டும். விளக்குக் கட்டளை மூலநிதி 1,00,000, வெள்ளிக் கவச நிதி 75,000, பொது நிதி 50,000. இந்த மூன்று எண்கள் குறிப்பில் இருந்திருந்தால் தலைவர் அந்தப் பேச்சையே எடுத்திருக்கமாட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பாஸ்புக் ஒரே தொகையாகக் காட்டுகிறது, அதை நம்பிப் பேசுகிறார்.

காரியம் சொல்லிக் கொடுத்த பணத்தை இப்படித் தனியாக வைப்பது நம் கோயில்களுக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக்கு ஆடு கொடுத்த செய்திகள் ஏராளம். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள், சில ஊர்களில் 90. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளால் ஈடுகட்டி, கொடுத்த எண்ணிக்கை குறையாமல் வைத்திருப்பது அவர் பொறுப்பு. கொடுத்தவர் யார், எத்தனை ஆடு, ஏற்றவர் யார், நாளுக்கு எவ்வளவு நெய் என்ற நான்கும் கல்லில் வெட்டப்பட்டிருக்கும். இன்றைக்கு மூலநிதி நன்கொடை பற்றிய தீர்மானத்திலும் அதே நான்கு விவரம்தான் வேண்டும்.

அந்தத் தீர்மானத்தை இப்படி அமைக்கலாம்: "இன்னார், தம் தாயார் நினைவாக 1,00,000 ரூபாயை மூலநிதியாக அளித்து, அதன் வட்டியில் நாள்தோறும் மாலை விளக்கேற்றக் கோரி எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டு, இக்குறிப்புடன் இணைக்கப்பட்டது. இத்தொகையைத் தனி நிரந்தர வைப்பாக அறக்கட்டளைப் பெயரில் இம்மாத இறுதிக்குள் வைக்கவும், வட்டியை விளக்குச் செலவுக்கு மட்டும் பயன்படுத்தவும், அசலை எக்காரணத்துக்கும் எடுப்பதில்லை எனவும் தீர்மானிக்கப்பட்டது." இதில் கொடுத்தவரின் கடிதம் முக்கியம். வருமான வரியில் மூலநிதி நன்கொடைக்குத் தனிச் சலுகை உண்டு. அதற்கு, இது மூலநிதிக்கு என்று கொடுத்தவரே எழுத்தில் குறிப்பிட்டிருக்க வேண்டும், அந்தப் பணத்தைச் சட்டம் அனுமதிக்கும் வழியில் தனியாக முதலீடு செய்திருக்க வேண்டும். கமிட்டி தானாக ஒரு தொகையை மூலநிதி என்று எழுதிக்கொண்டால் செல்லாது.

ஏற்றுக்கொள்ளும் முன் கமிட்டி ஒரு சின்னக் கணக்கும் போட வேண்டும். ஒரு லட்சத்துக்கு ஆண்டு வட்டி 7 விழுக்காடு என்று கொண்டால் 7,000 ரூபாய், மாதத்துக்கு 580 ரூபாய் சொச்சம். அதற்குள் எண்ணெயும் திரியும் அடங்குமா? இன்றைக்கு அடங்கலாம், எண்ணெய் விலை ஏறினால் அடங்காது. அப்போது என்ன செய்வது என்பதையும் கொடுப்பவரிடம் முன்பே பேசி, "வட்டி போதாத காலத்தில் விசேஷ நாள்களில் மட்டும் ஏற்றப்படும்" என்று அவர் சம்மதத்தோடு எழுதிவிட்டால் பிற்காலக் கமிட்டிக்குச் சங்கடம் இராது. கொடுக்கிறார்களே என்று எந்த நிபந்தனைக்கும் தலையாட்டி வாங்கிவிட்டு, பத்து வருடத்தில் விளக்கை அணைத்த கமிட்டிகள் உண்டு.

மதில் வேலைக்கு வருவோம். அன்றைய கூட்டம் எடுக்கக்கூடிய முடிவு, பொது நிதி 50,000-க்குள் முடிகிற அளவுக்குப் பூச்சு வேலையை மட்டும் செய்வது, அல்லது 80,000-க்கு நன்கொடை திரட்டிய பிறகு தொடங்குவது. கவசப் பணத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றால் அந்தப் பதினான்கு குடும்பத்தாரிடமும் எழுத்தில் இசைவு வாங்க வேண்டும். ஒரு குடும்பம் மறுத்தால் அவர்கள் கொடுத்த பங்கு கவசத்துக்கே நிற்கும்.

அன்றைக்கு இன்னும் இரண்டு நன்கொடைகள் வந்திருந்தன. ஒன்று தங்கச் சங்கிலி. மினிட் நோட்டுகளில் "மூன்று பவுன் சங்கிலி ஒன்று அம்மனுக்குச் சாற்றப்பட்டது" என்று இருக்கும். மூன்று பவுன் என்றால் 24 கிராம். சங்கிலியில் கல் பதித்த பதக்கம் தொங்கினால் அந்த 24 கிராம் எதைச் சேர்த்து, எதை விட்டு? பின்னால் மெருகு போடக் கொடுத்து வாங்கும்போது இரண்டு கிராம் குறைந்திருந்தால், பழைய எடை எது என்று சொல்ல யாராலும் முடியாது. தராசில் காட்டிய மொத்த எடை, கல்லும் அரக்கும் நீக்கிய மதிப்பிட்ட நிகர எடை, எந்தத் தேதியில் யார் முன்னே எடை போடப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது ஆகியவை வேண்டும். கிராமுக்குப் பிறகு மூன்று தசமம் வரை எழுத வேண்டும். ஒரு புகைப்படமும் ஒட்டிவிடலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இதைவிட நுட்பமாகச் செய்திருக்கின்றன. பொன்னை "ஆடவல்லான்" என்னும் நிறைகல்லால் நிறுத்ததையும், நகைகளை நிறுக்கத் "தட்சிணமேரு விடங்கன்" என்ற கல்லைப் பயன்படுத்தியதையும் சொல்லி, முத்துகளை எண்ணிக்கையோடும், சரடும் அரக்கும் சேர்ந்த நிறை எது என்பதோடும் பதிந்திருக்கின்றன. எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்பதே எழுதப்பட்டிருப்பதால், ஐயம் வந்தால் அதே கல்லால் திரும்ப நிறுத்துப் பார்க்க முடியும்.

இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து. ஊரைச் சேர்ந்தவர், அங்கே முப்பது வருடமாக இருக்கிறார், மதில் வேலைக்கு ஒரு தொகை அனுப்புகிறேன் என்கிறார். கமிட்டி மகிழ்ச்சியோடு வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும். அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், வெளிநாட்டில் சம்பாதித்ததே ஆனாலும், தம் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், அவர் இதே ஊரில் பிறந்தவராக இருந்தாலும், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று தொடங்கிய கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். அவர் திருவிழாவுக்கு நேரில் வந்து இந்திய ரூபாயாகவே கொடுத்தாலும் இதே விதிதான். ஊரில் இருக்கும் அண்ணன் கணக்குக்கு அனுப்பி, அண்ணன் பெயரில் ரசீது போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அப்படி ஒரு தீர்மானம் எழுதினால் சட்டத்தை மீறியதற்கு அந்த நோட்டே சாட்சியாகிவிடும். பதிவில்லாத நம் மாரியம்மன் கோயில் எழுத வேண்டியது இதுதான்: "நன்கொடையாளர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் எனத் தெரியவந்ததால், உரிய அனுமதி பெறும் வரை இத்தொகையைப் பெற இயலாது என அவருக்குத் தெரிவிக்கத் தீர்மானிக்கப்பட்டது."

இனி அறங்காவலர் பொறுப்பு. இது தனித் தலைப்பாகக் கூட்டத்தில் வருவது அரிது. ஏதாவது ஒரு செலவுக்குள் ஒளிந்துகொண்டு வரும். நம் கூட்டத்தில் பந்தல் செலவுக்குள் இருந்தது. பந்தல்காரர், அறங்காவலர் ஒருவரின் உடன்பிறந்த தம்பி. கோயில் கடையை 4,000 ரூபாய் வாடகைக்கு எடுத்திருப்பதும் அந்த அறங்காவலரின் மகன். மூன்று மாத வாடகை 12,000 ரூபாய் ஆடியில் மொத்தமாக வந்திருக்கிறது. அவர் நல்ல மனிதர், தம்பியும் குறைந்த விலைக்கே போட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் அதைக் குறிப்பைப் படிப்பவர் எப்படி அறிவார்? அந்தப் பொருள் வரும்போது அறங்காவலர் தாமாகவே உறவைச் சொல்லி, எழுந்து வெளியே போக வேண்டும். மற்ற நால்வரும் வேறு இரண்டு பந்தல்காரர்களின் விலைப்புள்ளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். குறிப்பில், இன்னார் தம் தம்பி என்பதைத் தெரிவித்து விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை, மூன்று விலைப்புள்ளிகளில் இது குறைவு என்பதால் ஏற்கப்பட்டது என்று வர வேண்டும். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. குறைவெண் நான்கு என்பதால், அவர் வெளியேறிய பிறகும் நான்கு பேர் இருக்கிறார்கள், முடிவு செல்லும். நான்கு பேர் மட்டுமே வந்திருந்தால் அந்தப் பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவதே பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் பொதுமக்கள் வழிபடும் இந்துக் கோயில்களுக்கு 1959-ஆம் ஆண்டு இந்து சமய மற்றும் அறக்கொடைகள் சட்டம் பொருந்தும். துறை அதிகாரி வந்து உட்காரவில்லை என்பதற்காகச் சட்டம் விலகிவிடாது. கோயில் சொத்தின் குத்தகையிலோ ஒப்பந்தத்திலோ சொந்த நலன் உள்ளவர் அறங்காவலராக இருக்கத் தகுதியற்றவர் என்று அதன் 26-ஆம் பிரிவு சொல்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பணத்தையும் சொத்தையும் எவ்வளவு கவனமாகக் கையாள்வாரோ அவ்வளவு கவனம் வேண்டும் என்று 28-ஆம் பிரிவு கேட்கிறது. கோயில் நிலத்தை விற்பதோ, அடமானம் வைப்பதோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லாது என்பது 34-ஆம் பிரிவு. ஏழு பேரும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டாலும் செல்லாதுதான். தணிக்கையில், கவனக்குறைவால் கோயிலுக்கு இழப்பு நேர்ந்தது என்று கண்டால், அதைச் சம்பந்தப்பட்ட அறங்காவலரிடமே வசூலிக்கவும் அச்சட்டத்தில் வழி இருக்கிறது.

ஆகவே ஏற்காத ஒன்றுக்கு முகத்துக்காகக் கையெழுத்துப் போடுவது ஆபத்து. கவசப் பணத்தை மதிலுக்கு எடுக்கலாம் என்று நான்கு பேர் சொல்லி, பொருளாளர் மட்டும் எதிர்த்திருந்தால், அவர் எதிர்ப்பும் காரணமும் அவர் பெயரோடு குறிப்பில் ஏற வேண்டும். "விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது" என்று எழுதிவிட்டால், நாளைக்கு அவரும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஊர்க் கூட்டத்தில் எதிர்ப்பைப் பதியச் சொன்னால், "மாமா, நம்மளுக்குள்ள எதுக்கு இதெல்லாம்?" என்பார்கள். கோபித்துக்கொள்ளாமல், ஆனால் விடாமல் பதியச் சொல்ல வேண்டும்.

கணக்குக் காட்டாதவர்களிடம் அந்தக் காலத்து ஊர்ச்சபை எவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் எழுந்தவை. அவை கோயில் கமிட்டிக்கான விதிகள் அல்ல, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கானவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடவோலையில் இட அனுமதி இல்லை. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அந்தத் தடை உண்டு என்று உறவுமுறைகளை வரிசையாகச் சொல்கிறது கல்வெட்டு. கணக்கை மறைப்பவருக்கு உறவின் துணை எவ்வளவு உதவும் என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள்.

அன்றைய கூட்டத்தின் கடைசிப் பொருள் பொறுப்பு ஒப்படைப்பு. செயலாளரின் பதவிக்காலம் முடிகிறது. பெரும்பாலான ஊர்களில் மாலை போட்டு, நோட்டுகளைக் கட்டாகக் கொடுத்து முடித்துவிடுவார்கள். ஒப்படைத்தவை இன்னின்ன என்று குறிப்பில் வர வேண்டும்: அறக்கட்டளைப் பத்திரத்தின் அசல், பான் அட்டை, மினிட் நோட்டுகள் எத்தனை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பயன்படுத்தாத ரசீது நோட்டுகளின் எண்கள், காசோலைப் புத்தகத்தில் மீதியுள்ள தாள்களின் எண்கள், வைப்பு ரசீதுகள், நகைப் பதிவேடு, உண்டியல் சாவி, லாக்கர் சாவி. வங்கியில் கையெழுத்திடுபவர் மாறுகிறார் என்பதற்குத் தனித் தீர்மானம் வேண்டும். அதில் பழையவரின் அதிகாரம் எந்தத் தேதியோடு முடிகிறது, புதியவர் யார், எத்தனை பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் பணம் எடுக்கலாம் என்ற மூன்றும் வேண்டும். வங்கி இந்தத் தீர்மானத்தின் நகலைக் கேட்கும். அதைப் புதிய செயலாளர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி நோட்டில் ஒட்டிவிட வேண்டும். கணக்கோடு இணைத்த கைபேசி எண்ணையும் அன்றே மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் ரகசிய எண் பழைய செயலாளருக்கே போகும்.